பதினான்கு சிவப்புக் கோடுகள்

அன்புள்ள ஐயா,

என் தம்பி பாலிடெக்னிக்கில் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். வாரம் ஒரு ஆங்கிலப் பத்தி எழுதி எனக்கு அனுப்புவான். நான் திருத்தி அனுப்புவேன். அவனும் அதைப் பார்த்து அழகாக நோட்டில் எழுதி வைத்துக்கொள்கிறான். அடுத்த வாரம் அதே தப்புகள் மறுபடி வருகின்றன. நான்கு மாதமாக இதே கதை. விளக்கம் எழுதலாம் என்றால் எல்லாவற்றுக்கும் எழுத நேரமில்லை. பாதிக்கு எனக்கே காரணம் தெரியாது, காதுக்குச் சரியாகப் படவில்லை என்று மாற்றிவிடுகிறேன். எப்படித் திருத்த வேண்டும்? இந்த வாரம் அவன் எழுதியது கீழே.

```
Last Sunday I have went to my uncle's village. It is having
a big lake. I saw a old temple near lake. My uncle told that
king built the temple 300 years before. We discussed about
the temple and I am understanding its history. In evening
one of my cousin took me to the lake. There we seen many
bird. I have enjoyed that day very much.
```

மீ., திருநெல்வேலி

அன்புள்ள மீ.,

தம்பியின் பத்தியை இரண்டு முறை படித்தேன். முதல் முறை பேனாவைக் கையில் எடுக்கவில்லை. நீங்களும் அப்படிப் படித்துப் பாருங்கள். பேனா கையில் இருந்தால் கண் தப்பை மட்டும்தான் பார்க்கும், பையன் எதைச் சரியாக எழுதியிருக்கிறான் என்பது தெரியாது. இந்தப் பத்தியில் அதுதான் முக்கியமான தடயம்.

நான் எண்ணியதில் திருத்த வேண்டிய இடங்கள் பதினான்கு. நீங்கள் சத்தமில்லாமல் மாற்றி அனுப்பும்போது அவன் கண்ணுக்குத் தெரிவது ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத பதினான்கு சிவப்புக் கோடுகள். பதினான்கையும் யாரால் நினைவில் வைக்க முடியும்? நோட்டில் பார்த்து எழுதுவதோடு முடிந்துவிடுகிறது. என் பள்ளிக் காலத்தில் ஒரு ஆசிரியர் என் கட்டுரையின் மேலேயே தன் கட்டுரையை எழுதித் தருவார். நான் எடுத்த மதிப்பெண்ணெல்லாம் அவருடைய ஆங்கிலத்துக்குக் கிடைத்தது.

இந்தப் பதினான்கும் உண்மையில் ஐந்தாறு குடும்பம்தான். பெரிய குடும்பத்திலிருந்து தொடங்குகிறேன்.

ஆர்ட்டிகிள் நான்கு இடத்தில் தப்பியிருக்கிறது: 'ஏ ஓல்ட்', 'நியர் லேக்', 'கிங் பில்ட்', 'இன் ஈவ்னிங்'. நான்கின் ஓரத்திலும் 'ஆர்ட்டிகிள் தவறு' என்று எழுதினால் அது விளக்கமாகாது, பெயர் வைத்தது மட்டும்தான். நான்கும் ஒரே தவறும் இல்லை. முதலாவது வெறும் ஒலி விஷயம்: அடுத்த சொல் உயிரொலியில் தொடங்கினால் 'ஆன்'. எழுத்தைப் பார்க்கக் கூடாது, ஒலியைக் கேட்க வேண்டும். அதனால்தான் 'ஆன் அவர்', ஆனால் 'ஏ யுனிவர்சிட்டி'. நான்காவது வெறும் வழக்கு. காலைக்கும் மாலைக்கும் 'இன் தி' வரும், இரவுக்கு 'அட் நைட்' என்று 'தி' இல்லாமல் வரும். ஏன் என்று கேட்காதே, அப்படியே பழகிக்கொள் என்று சொல்லிவிடலாம்.

நடுவில் இருக்கும் இரண்டுதான் விளக்கத்துக்கு உரியவை. இங்கே அவன் சரியாக எழுதியதைக் கவனியுங்கள். முதலில் 'ஏ பிக் லேக்' என்றான், கடைசியில் 'டு தி லேக்' என்றான். இரண்டும் சரி. நடுவில் 'நியர் லேக்' மட்டும் வழுக்கிவிட்டது. ஆக விஷயம் அவனுக்குப் பாதி தெரியும். கேட்பவர் "எந்த ஏரி?" என்று கேட்பாரா, அல்லது அவருக்கே தெரியுமா? கேட்பார் என்றால் 'ஏ', தெரியும் என்றால் 'தி'. ஏரியை முந்தைய வாக்கியத்திலேயே சொல்லிவிட்டதால் 'தி லேக்'. ராஜா இப்போதுதான் கதைக்குள் வருகிறார், அதனால் 'ஏ கிங்'.

தமிழில் ஆர்ட்டிகிளே கிடையாது, அதனால்தான் நமக்கு இது வராது என்று சொல்வார்கள். எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை. "புத்தகம் படித்தேன்" என்பதற்கும் "புத்தகத்தைப் படித்தேன்" என்பதற்கும் உள்ள வித்தியாசம் தம்பிக்குத் தெரியும். இரண்டாவதைச் சொன்னால் எந்தப் புத்தகம் என்று கேட்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அந்த உணர்வு நம்மிடம் இருக்கிறது. நாம் அதை 'ஐ' உருபில் வைக்கிறோம், அவர்கள் சொல்லுக்கு முன்னால் வைக்கிறார்கள். இதை ஒரு முறை காட்டினால் போதும், 'தி' அவனுக்கு அந்நியமாக இருக்காது.

அடுத்தது 'ஹேவ்'. பத்தியின் நடுவில் சா, டோல்ட், பில்ட், டிஸ்கஸ்ட், டுக் என்று ஐந்து இறந்தகால வினைகளின் வடிவம் சரியாக வந்திருக்கிறது. முதல் வாக்கியத்திலும் கடைசி வாக்கியத்திலும் மட்டும் 'ஹேவ்' ஒட்டிக்கொண்டது. ஏன்? தமிழில் சொல்லிப் பாருங்கள்: "போன ஞாயிற்றுக்கிழமை மாமா ஊருக்குப் போயிருந்தேன்." கதையை அப்படித்தானே தொடங்குவோம். அந்த 'இருந்தேன்'தான் ஆங்கிலத்தில் 'ஹேவ்' ஆகியிருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். எழுத்தில் 'ஹேவ்' போட்டால் கொஞ்சம் கம்பீரமாக இருக்கும் என்ற எண்ணமும் நம் பிள்ளைகளுக்கு உண்டு. விதி சின்னது. எப்போது என்பதை முடிந்துபோன ஒரு நேரத்தால் சொல்லிவிட்டால் 'ஹேவ்' வராது. நேரம் சொல்லாதபோது வரலாம்.

```
I went to my uncle's village last Sunday.
I have been to my uncle's village.
```

இரண்டும் சரியான ஆங்கிலம். முதலாவது ஒரு நாளின் கதை, இரண்டாவது எப்போதோ போன அனுபவம். "நேற்று வந்திருக்கிறான்" என்பது தமிழில் குற்றமில்லை, ஆங்கிலத்தில் 'யெஸ்டர்டே'யும் 'ஹேவ்'வும் ஒரே வாக்கியத்தில் இப்படிச் சேராது என்று அவனிடம் சொல்லுங்கள். 'ஹேவ் வென்ட்' என்பதில் இன்னொரு பிழையும் ஒளிந்திருக்கிறது, 'ஹேவ்' வந்தால் 'கான்' வர வேண்டும். அதை இந்த வாரம் சொல்ல வேண்டாம். 'ஹேவ்' போய்விட்டால் 'வென்ட்' தானாகச் சரியாகிவிடுகிறது. 'வி சீன்' என்பதை மட்டும் 'வி சா' என்று மாற்றி, "மேலே நீயே சரியாக எழுதியிருக்கிறாய், பார்" என்று எழுதுங்கள். அது தெரியாததால் வந்ததில்லை, கை தவறியது.

'இஸ் ஹேவிங்', 'ஆம் அண்டர்ஸ்டாண்டிங்' இரண்டும் ஒரே குடும்பம். "ஊரில் ஏரி இருந்துகொண்டிருக்கிறது என்று சொல்வாயா?" என்று கேளுங்கள், சிரித்துவிடுவான். நிலையைச் சொல்லும் வினைக்கு 'இங்' வேண்டாம். ஆனால் எல்லையையும் சேர்த்தே சொல்லிவிடுங்கள். 'ஷி இஸ் ஹேவிங் லஞ்ச்' சரிதான், அங்கே ஹேவ் என்றால் சாப்பிடுவது, அது செயல். எல்லையைச் சொல்லாமல் விட்டு நான் பட்டிருக்கிறேன். ஒரு மாணவிக்கு இந்த விதியை ரொம்ப உற்சாகமாக விளக்கினேன். அடுத்த கட்டுரையில் 'இங்' மருந்துக்குக்கூட இல்லை, "இப்போது மழை பெய்கிறது" என்பதற்கு 'இட் ரெய்ன்ஸ் நவ்' என்று எழுதி வந்தாள். 'தி' சொல்லிக் கொடுத்த மறுவாரம் 'தி மதுரை' வருவதும் இதே கதைதான். விளக்கம் உள்ளே போயிருக்கிறது, எல்லை போகவில்லை என்று அர்த்தம். பயப்பட வேண்டியதில்லை.

பன்மைக்குத் தமிழே உதவும். "நிறைய பறவை பார்த்தோம்" என்று நாம் சொல்வோம், 'நிறைய' என்பதே எண்ணிக்கையைச் சொல்லிவிடுவதால் 'கள்' தேவைப்படுவதில்லை. ஆங்கிலத்தில் 'மெனி' வந்தாலும் 'எஸ்' வேண்டும். 'ஒன் ஆஃப் மை கஸின்' தப்புக்கு "என் மச்சான்களில் ஒருவன்" என்று எழுதிக் காட்டுங்கள். தமிழிலும் அங்கே 'களில்' வருகிறதே, ஒரு கூட்டத்திலிருந்துதானே ஒருவனை எடுக்கிறோம்.

மிச்சம் மூன்று. 'டோல்ட் தட்', 'டிஸ்கஸ்ட் அபவுட்', '300 இயர்ஸ் பிஃபோர்'. இவற்றுக்கு நீளமாக எதுவும் வேண்டாம். டெல் வந்தால் யாரிடம் என்று ஒரு ஆள் வேண்டும், 'டோல்ட் மி'. ஆள் இல்லையென்றால் 'செட்'. டிஸ்கஸ் என்ற சொல்லுக்குள்ளேயே 'பற்றி' இருக்கிறது. இன்றிலிருந்து பின்னோக்கி எண்ணினால் 'அகோ'. மூன்றையும் சரியான வடிவத்தில் எழுதி ஆளுக்கு ஒரு வரி போதும். ஒவ்வொரு சொல்லுக்கும் அதனதன் பழக்கம், ஒன்றில் கற்றது இன்னொன்றுக்கு உதவாது. இப்படி விதிக்குள் அடங்கும் பிழைகளையும் அடங்காதவற்றையும் பிரித்துப் பார்க்கச் சொன்னவர் டேனா ஃபெரிஸ் என்ற ஆய்வாளர். 1996-இல் ஜான் ட்ரஸ்காட் என்பவர், எழுத்தில் இலக்கணம் திருத்துவதே வீண், சொல்லப்போனால் கெடுதல் என்று ஒரு கட்டுரை எழுதினார். 1999-இல் அதற்கு ஃபெரிஸ் பதில் எழுதினார். சண்டை இன்னும் முழுதாக ஓயவில்லை. 2007-இல் யங்ஹீ ஷீன் செய்த ஆய்வு உங்கள் கேள்விக்கு நெருக்கமானது. ஒரு குழுவுக்கு ஆர்ட்டிகிளைத் திருத்தி மட்டும் கொடுத்தார், இன்னொரு குழுவுக்குத் திருத்தத்தோடு காரணமும் எழுதினார். திருத்தமே பெறாதவர்களைவிட இரண்டு குழுவும் முன்னேறின. கொஞ்ச காலம் கழித்து வைத்த தேர்வில் காரணம் பெற்றவர்கள் மேலே இருந்தார்கள். ஆனால் அவர் கை வைத்தது ஆர்ட்டிகிள் ஒன்றில் மட்டும், பதினான்கு இடத்தில் இல்லை.

அதனால் உங்கள் நேரப் பிரச்சினைக்கு என் பதில் இது. வாரத்துக்கு இரண்டு குடும்பம் மட்டும். இந்த வாரம் 'எந்த ஏரி' கேள்வியும் 'ஹேவ்'வும். அவனுக்கு எழுத வேண்டியது இவ்வளவுதான், தமிழிலேயே எழுதுங்கள்:

"தம்பி, முதல் வரியில் எப்போது போனாய் என்று நீயே சொல்லிவிட்டாய், அதனால் ஹேவ் வராது. இதே தப்பு இன்னொரு இடத்தில் இருக்கிறது, கண்டுபிடி. 'நியர் லேக்' என்கிறாய். ஏரியை முன்னாலேயே எனக்குச் சொல்லிவிட்டாயே, அப்போது எது வரும்? இதே கேள்வியை ராஜாவிடமும் கேள்."

ஒவ்வொரு குடும்பத்திலும் முதல் பிழைக்குக் காரணமோ கேள்வியோ எழுதுங்கள், அடுத்ததை அவன் தேடட்டும். தேடிக் கண்டுபிடித்தால் பதில் அவனுடையதாகிவிடும். மற்ற பத்தையும் இந்த முறை பென்சிலில் லேசாகத் திருத்திவிடுங்கள், அவற்றின் முறை வரும்.

அடுத்த பத்தி வந்ததும் தப்பை மட்டும் எண்ணாதீர்கள். 'ஏ' அல்லது 'தி' வர வேண்டிய இடங்கள் எத்தனை, அதில் சரியாக வந்தவை எத்தனை என்று ஓரத்தில் எழுதுங்கள். இந்த வாரம் என் கணக்கில் எட்டுக்கு நான்கு.