சுத்தம் செய்தவர்கள் யார்?

ஐயா, வணக்கம். சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டக் கோயிலில் செயலாளராக இருக்கிறேன். போன வாரம் கோத்தோங் ரோயோங் முடிந்ததும் அறிவிப்புப் பலகையில் மேலே மலாயிலும் கீழே தமிழிலும் மூன்று வரி எழுதி ஒட்டினேன். மலாயில் இருந்ததைப் பார்த்துத்தான் தமிழை எழுதினேன்:

"கோயில் வளாகம் இளைஞர்களால் சுத்தம் செய்விக்கப்பட்டது. தமிழ்ப்பள்ளி மாணவர்கள் குப்பை அள்ள வைக்கப்பட்டனர். மதியம் அன்னதானம் நடக்கப்பட்டது."

மறுநாளே இரண்டு பெற்றோர் வந்து, "எங்கள் பிள்ளைகளை யார் வேலை வாங்கியது?" என்று சத்தம் போட்டார்கள். பிள்ளைகள் ஆசையாக வந்து செய்த வேலை ஐயா அது. இளைஞர் பகுதிப் பையன்களுக்கும் என்மேல் வருத்தம். நான் எழுதியதில் என்ன தப்பு?

— ஆலயச் செயலாளர்

அன்புள்ள ஐயா,

பெற்றோர் கோபத்தில் நியாயம் இருக்கிறது. உங்கள் முதல் இரண்டு வரிகளையும் சேர்த்துப் படித்தால் வேறு ஒரு கதை வருகிறது. இளைஞர்கள் நின்று ஏவினார்கள், பிள்ளைகள் குப்பை அள்ளினார்கள் என்று வருகிறது. பலகையைப் படித்தவர்கள் அதைத்தான் படித்தார்கள்.

'செய்' என்றால் தானே செய்வது. 'செய்வி' என்றால் இன்னொருவரைக் கொண்டு செய்வது. கல் என்பது கற்பி ஆவதும், உண் என்பது உண்பி ஆவதும் இதே வழியில்தான். இதைப் பிறவினை என்கிறோம். 'செய்விக்கப்பட்டது' என்னும்போது பிறவினையோடு 'படு' சேர்ந்து செயப்பாட்டு வினையும் ஆகிவிடுகிறது. அப்போது 'இளைஞர்களால்' என்று வந்தால், இளைஞர்கள் வேலை வாங்கியவர்கள். வேலை செய்தவர்கள் வேறு யாரோ. காலையிலிருந்து வெயிலில் புல் வெட்டிய பையன்களுக்கு வருத்தம் வராமல் எப்படி இருக்கும்?

வெறும் 'சுத்தம் செய்யப்பட்டது' என்று எழுதியிருந்தாலும் சின்ன மயக்கம் மிச்சம் இருந்திருக்கும். மூன்றாம் வேற்றுமையில் வரும் கருத்தாவை நம் இலக்கணம் இரண்டாகப் பிரிக்கும். 'அரசனால் கட்டப்பட்ட கோயில்' என்றால் அரசன் ஏவுதற் கருத்தா. அவன் கல் சுமக்கவில்லை. 'தச்சனால் கட்டப்பட்ட கோயில்' என்றால் தச்சன் இயற்றுதற் கருத்தா. உருபும் வினையும் ஒன்றுதான். அரசன் யார், தச்சன் யார் என்று நமக்கு முன்பே தெரிந்திருப்பதால்தான் பொருள் பிரிகிறது. 'இளைஞர்கள்' என்ற சொல்லில் அப்படி ஒரு குறிப்பு இல்லை.

தப்பு எங்கிருந்து வந்தது என்பதை உங்கள் கடிதமே சொல்கிறது. மலாயில் 'டிபெர்சிக்கான்' என்று எழுதியிருப்பீர்கள். 'பெர்சி' என்றால் சுத்தம். 'கான்' சேர்ந்தால் சுத்தமாக்கு. முன்னால் 'டி' வந்தால் செயப்பாட்டு. 'கான்' செய்யும் வேலைக்கு ஈடாக நீங்கள் 'வி' போட்டுவிட்டீர்கள். ஆனால் தமிழில் 'சுத்தம் செய்' என்பதிலேயே அந்த வேலை முடிந்துவிட்டது, 'செய்' என்ற சொல்தான் அந்தக் 'கான்'. அதற்கு மேலும் 'வி' சேர்ந்ததும் நடுவில் இல்லாத ஒரு ஆள் முளைத்துவிட்டார்.

அப்புறம் அந்த 'அள்ள வைக்கப்பட்டனர்'. உங்களுக்குப் பிரச்சினையைக் கொண்டுவந்தது இதுதான். 'சிரிக்க வைத்தார்', 'தூங்க வைத்தாள்' என்றால் யாரும் கோபப்பட மாட்டார்கள், ஏனென்றால் சிரிப்பும் தூக்கமும் தானாக வருபவை. ஒருவர் தாமே முடிவெடுத்துச் செய்யக்கூடிய வேலையோடு 'வை' சேர்ந்தால் கதை வேறு. கூட்ட வைத்தார், சுமக்க வைத்தார், அள்ள வைத்தார் என்றால் அந்த முடிவு அவர் கையில் இல்லை, இன்னொருவர் பிடித்துத் தள்ளியிருக்கிறார் என்று காது எடுத்துக்கொள்ளும். 'கல்யாணம் செய்து வைத்தார்கள்' என்பதையும் 'கல்யாணம் செய்ய வைத்தார்கள்' என்பதையும் சொல்லிப் பாருங்கள். முதலாவதில் பெரியவர்கள் முன்னின்று நடத்தினார்கள். இரண்டாவதில் மாப்பிள்ளைக்கோ பெண்ணுக்கோ விருப்பமில்லை. இரண்டுக்கும் நடுவே இருப்பது 'து'வுக்கும் 'ய'வுக்கும் உள்ள வித்தியாசம் மட்டும்.

அதோடு நீங்கள் 'படு'வையும் சேர்த்திருக்கிறீர்கள். 'ஆசிரியர் அள்ள வைத்தார்' என்றிருந்தால் ஆசிரியரைப் போய்க் கேட்கலாம். 'வைக்கப்பட்டனர்' என்றதும் கட்டாயம் மட்டும் நிற்கிறது, கட்டாயப்படுத்தியவர் மறைந்துபோகிறார். அதனால்தான் அந்தப் பெற்றோர் 'யார்?' என்று கேட்டுக்கொண்டு வந்தார்கள்.

இந்த வடிவம் தப்பு என்று எண்ணிவிடாதீர்கள். சரியான இடத்தில் இதைவிட உண்மையான வடிவம் கிடையாது. 1942, 43இல் நம் தோட்டங்களிலிருந்து ஆட்களைக் கூட்டிப்போய் சயாம் மரண ரயில்பாதையில் விட்டார்கள். '415 கிலோமீட்டர் ரயில்பாதை போடப்பட்டது' என்று எழுதினால் பாதை மட்டும் தெரிகிறது, ஆட்கள் இல்லை. 'நம் ஆட்கள் பாதை போட்டார்கள்' என்றால் ஏதோ சம்பளத்துக்கு விரும்பிப் போனதுபோல இருக்கும். 'தோட்டத் தொழிலாளர்கள் பாதை போட வைக்கப்பட்டார்கள்' என்றால்தான் நடந்தது வரும். 'ஜப்பானிய ராணுவம் போட வைத்தது' என்றால் செய்தவன் பெயரும் வந்துவிடும். அப்படிப்பட்ட இடத்துக்கு உரிய வினையை, ஆசையாக வந்த பிள்ளைகளுக்குப் போட்டுவிட்டீர்கள்.

மூன்றாவது வரி சுலபம். செயப்பாட்டு வினை வேண்டுமென்றால், 'எதை?' என்று கேட்டால் பதில் வரக்கூடிய வினையாக இருக்க வேண்டும். எதை அள்ளினார்? குப்பையை. சரி, 'குப்பை அள்ளப்பட்டது' என்று சொல்லலாம். அன்னதானம் நடந்தது, எதை நடந்தது? பதில் இல்லை. எனவே 'நடக்கப்பட்டது' நிற்காது. 'நடந்தது' என்று விடுங்கள், அல்லது பிறவினையாக்கி 'நடத்தப்பட்டது' என்று எழுதுங்கள். நான் சின்னப் பையனாக இருந்தபோது எங்கள் தோட்டத்து ஆபீஸ் பலகையில் 'தண்ணீர் இரண்டு நாள் நிற்கப்படும்' என்று எழுதியிருந்தார்கள். நில் என்பதை நிறுத்து ஆக்கி 'நிறுத்தப்படும்' என்று எழுதியிருக்க வேண்டும். லயத்தில் பாதிப் பேர் அதைத் தண்ணீர் தேங்கி நிற்கும் என்று புரிந்துகொண்டு, குடம் எதையும் நிரப்பி வைக்கவில்லை.

உங்கள் அறிவிப்பை நான் இப்படி எழுதுவேன்:

"ஞாயிற்றுக்கிழமை கோயில் வளாகத்தை இளைஞர்கள் சுத்தம் செய்தார்கள். தமிழ்ப்பள்ளி மாணவர்களும் வந்து குப்பை அள்ளினார்கள். மதியம் அன்னதானம் நடந்தது."

'படு' ஒன்றுகூட இல்லை. நம் வாய்ப்பேச்சில் அது வருவதே அபூர்வம். 'கதவு மூடப்பட்டது' என்று வீட்டில் யார் சொல்கிறோம், 'மூடிட்டாங்க' என்றுதானே சொல்கிறோம். செய்தவர் யார் என்பது யாருக்கும் முக்கியமில்லாத இடத்தில் அதை வைத்துக்கொள்ளுங்கள். 'பின்வாசல் இரவு 10 மணிக்குப் பூட்டப்படும்' என்பதில் யார் பூட்டினால் என்ன?

'வி'க்கும் உங்கள் கோயிலில் ஒரு இடம் உண்டு. பணம் கொடுத்து மண்டபம் எழுப்பியவர்களின் பெயரைக் கல்லில் வெட்டும்போது 'கட்டியவர்கள்' என்று போட வேண்டாம், 'கட்டுவித்தவர்கள்' என்று போடுங்கள். கொடுத்தவருக்கும் பெருமை குறையாது, கல் வைத்த கொத்தனாரின் வேலையும் அவரிடமே இருக்கும்.

மேலே உள்ள மலாய் வரிகளைத் தொட வேண்டாம். 'டிபெர்சிக்கான் ஓலே பெலியா' என்றுதானே இருக்கிறது? மலாயில் அது சரி. தமிழ்த் தாளை மட்டும் கழற்றிவிட்டுப் புதியதை ஒட்டுங்கள். அந்த இரண்டு பெற்றோரையும் கூப்பிட்டு முதலில் அவர்களிடம் காட்டிவிடுங்கள்.