சலூன் திறக்கும் முன்: உரிமம், காப்பீடு, பதிவேடு

“சலூன் தொடங்க ஒரு கடையை வாடகைக்குப் பார்த்திருக்கிறேன். முடி வெட்டுதல், ஹேர் டை, ஃபேஷியல், காது குத்துதல் ஆகியவை இருக்கும். முன்பணம் கொடுப்பதற்குள் உரிமம், காப்பீடு, சுகாதாரப் பதிவேடுகள் பற்றி எதையெல்லாம் விசாரித்துக்கொள்ள வேண்டும்?”

நீங்கள் குறிப்பிட்ட நான்கு சேவைகளையும் ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றையும் யார் செய்வார், அவருக்கு என்ன சான்றிதழ் இருக்கிறது, எந்தக் கருவி அல்லது ரசாயனம் பயன்படும் என்பதை எதிரே குறித்துக்கொள்ளுங்கள். உள்ளாட்சி அலுவலகத்துக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் இதே தாளை எடுத்துச் செல்லுங்கள். இரண்டு இடங்களில் இரண்டு விதமாகச் சொல்லிவிட்டால், பின்னர் இழப்பீடு கேட்கும்போது அந்த வேறுபாடுதான் முதலில் கண்ணில் படும்.

உள்ளாட்சி அலுவலகத்தில் முதலில் கேட்க வேண்டியது, அந்தக் கட்டடத்தில் சலூன் நடத்த அனுமதி உண்டா என்பதே. முன்பு துணிக்கடை இருந்த இடம் என்பதாலேயே அனுமதி கிடைத்துவிடாது. தண்ணீர் இணைப்பு, கழிவுநீர் வெளியேற்றம், காற்றோட்டம், தீப்பாதுகாப்பு ஆகியவற்றைத் தனியாகப் பார்ப்பார்கள். அடுத்து, தொழில் உரிமம் கடைக்கு மட்டும் போதுமா, வேலை செய்பவர் ஒவ்வொருவருக்கும் தனி உரிமம் வேண்டுமா என்று கேளுங்கள். இது இடத்துக்கு இடம் மாறும். உங்கள் பட்டியலில் காது குத்துதலைத்தான் நான் வட்டமிடுவேன். தோலைத் துளைக்கும் சேவைகளுக்குப் பல இடங்களில் தனிப் பதிவும் தனிச் சோதனையும் உண்டு. பெயர்ப்பலகைக்கும், கடையில் பாட்டு ஒலிக்கவிடுவதற்கும்கூட அனுமதி தேவைப்படலாம்.

காப்பீட்டில் பலர் தடுமாறுவது ஒரே இடத்தில்தான். ஈரத் தரையில் வாடிக்கையாளர் வழுக்கி விழுந்தால் உதவுவது பொதுப் பொறுப்புக் காப்பீடு. நீங்கள் செய்த சேவையாலேயே அவருக்குத் தீங்கு நேர்ந்தால் அது பெரும்பாலும் உதவாது; அதற்குச் சேவைப் பொறுப்புக் காப்பீடு தனியாக வேண்டும். ஊழியர் காயத்துக்கான காப்பீடு உங்கள் பகுதியில் கட்டாயமா என்பதையும், நாற்காலியை வாடகைக்கு எடுத்து வேலை செய்பவர் உங்கள் பாலிசிக்குள் வருவாரா என்பதையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

பல ஆண்டுகளாக டை போட்டுவரும் ஒருவர் உங்களிடம் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு நாள் கழித்து அவருக்கு நெற்றியும் இமைகளும் வீங்கிவிடுகின்றன. கருநிற டைகளில் பரவலாக உள்ள பிபிடி என்னும் ரசாயனத்துக்கு இப்படி ஒவ்வாமை வரலாம். இதற்கு முன் எதுவும் ஆகவில்லை என்பது பாதுகாப்புக்கு உத்தரவாதமல்ல. அப்போது காப்பீட்டு நிறுவனம் கேட்பது பேட்ச் டெஸ்ட் பதிவை. டை உற்பத்தியாளரின் குறிப்பில் உள்ளபடி, பெரும்பாலும் 48 மணி நேரம் முன்னதாக, காதுக்குப் பின்னால் அல்லது முழங்கையின் உட்புறத்தில் சிறிது தடவிப் பார்த்திருக்க வேண்டும். “டெஸ்ட் செய்தோம், பிரச்சினை இல்லை” என்ற ஒற்றை வரி அங்கே நிற்காது. டையின் பெயர், நிற எண், பெட்டியில் உள்ள தொகுதி எண், தடவிய இடம், தடவிய நாளும் நேரமும், முடிவைப் பார்த்த நாளும் நேரமும், தடவியவர், வாடிக்கையாளர் இருவரின் கையொப்பம் ஆகிய அனைத்தும் இருக்க வேண்டும். வாடிக்கையாளர் மறுத்தால் டை போடாமல் அனுப்பிவிடுங்கள். மறுத்துக் கையெழுத்திட்ட தாள் உங்களைக் காப்பாற்றும் என்று நம்ப வேண்டாம். இந்தப் பதிவுகளை எத்தனை ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்பதைப் பாலிசி வாங்கும்போதே கேளுங்கள். கோரிக்கைகள் தாமதமாகவும் வரும்.

சுகாதாரப் பதிவேட்டில் சோதனையாளர் பார்ப்பது, கருவி எப்படிச் சுத்தமானது என்பதை. சீப்பையும் கத்தரியையும் முடி, எண்ணெய் போகச் சோப்பு நீரில் கழுவிய பிறகே கிருமிநீக்கியில் மூழ்கவைக்க வேண்டும். அழுக்கு ஒட்டியிருந்தால் திரவம் அதற்கு அடியில் சென்று வேலை செய்யாது. எவ்வளவு நேரம் ஊற வேண்டும் என்பது புட்டியின் லேபிளிலேயே இருக்கும். திரவத்தைக் கலந்த நேரம், அளவு, மாற்றிய நேரம் ஆகியவற்றை எழுதுங்கள். மாதம் முழுவதும் ஒரே பேனாவில், ஒரே கையெழுத்தில், தினமும் சரியாக 9 மணி என்று நிரப்பிய பதிவேட்டை எந்தச் சோதனையாளரும் ஒரு பார்வையிலேயே கண்டுபிடித்துவிடுவார். நீல விளக்கு எரியும் யுவி பெட்டி, சுத்தம் செய்த கருவிகளை வைத்திருக்க மட்டுமே. அது கிருமிநீக்கத்துக்கு மாற்று ஆகாது.

காது குத்த, ஒருமுறை பயன்படுத்தி எறியும் மூடிய உறையிலான கருவியை எடுத்தால் உறையின் தொகுதி எண்ணை வாடிக்கையாளர் பதிவில் எழுதினால் போதும். திரும்பப் பயன்படுத்தும் கருவி என்றால், அழுத்த நீராவியால் கிருமிகளை அழிக்கும் ஆட்டோகிளேவ் இயந்திரம் வேண்டும். 121 டிகிரி செல்சியஸில் 15 நிமிடம், அல்லது 134 டிகிரியில் 3 நிமிடம் என்ற நீராவிச் சுழற்சி ஒவ்வொன்றுக்கும் பதிவு தேவைப்படும். இயந்திரத்தின் பராமரிப்புச் சான்றையும் கேட்பார்கள். கூரிய கழிவுகளைப் பெற்றுச் செல்ல ஒரு நிறுவனத்துடன் ஒப்பந்தம் வேண்டுமா என்பதையும் அதே அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். தொடக்கத்தில் காது குத்துதலை விட்டுவிட்டு மற்ற மூன்றோடு திறப்பதையே நான் சொல்வேன். பிறகு சேர்க்கும்போது உரிமத்திலும் பாலிசியிலும் ஒரே நேரத்தில் சேர்த்துக்கொள்ளலாம்.