சம்பளச் சீட்டில் சங்கச் சந்தாவும் தொழிலாளர் நல நிதியும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

டிசம்பர் சம்பளச் சீட்டில் ‘LWF’ என்று 60 ரூபாய் பிடித்திருக்கிறார்கள். பக்கத்து ஆலையில் வேலை பார்க்கும் தம்பிக்கு 20 ரூபாய்தான். ஏன் இந்த வித்தியாசம்?
– ஓசூர், ஆலைத் தொழிலாளி

உங்கள் தம்பியின் சீட்டுதான் சரி. LWF என்பது தொழிலாளர் நல நிதி. 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி தமிழ்நாடு தொழிலாளர் நல வாரியத்துக்குப் போகும் பணம். தொழிலாளி ஒரு பங்கு போட்டால் முதலாளி இரண்டு பங்கு போட வேண்டும். உங்கள் கணக்கில் தொழிலாளிக்கு 20, நிறுவனத்துக்கு 40. நிறுவனம் தன் 40 ரூபாயையும் உங்கள் தலையில் கட்டிவிட்டது. முதலாளியின் பங்கைச் சம்பளத்தில் பிடிக்க இடமே இல்லை.

பெரும்பாலும் இது சம்பள மென்பொருளில் ஒரே ஒரு கட்டத்தில் நேரும் தவறு. மொத்தத் தொகையைத் தொழிலாளியின் பங்குக்கான இடத்தில் தட்டியிருப்பார்கள். உங்களுக்கு நடந்திருந்தால் அந்த ஆலையில் எல்லோருக்கும் நடந்திருக்கும். அதனால் நான்கைந்து பேர் சீட்டுகளைச் சேர்த்து வைத்துக்கொண்டு சம்பளப் பிரிவில் கேளுங்கள். 40 ரூபாயை அடுத்த மாதச் சீட்டில் வரவாகக் காட்டச் சொல்லுங்கள்.

இன்னொன்றையும் பார்த்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் இது வருடத்துக்கு ஒரு முறை, டிசம்பர் 31 அன்று வேலையில் இருப்பவர்களுக்குப் பிடிப்பது. மாதாமாதம் வந்தால் அதுவும் தவறு.

சங்கத்தில் சேரச் சொல்கிறார்கள், மாதம் 50 ரூபாய் சந்தா. அப்புறம் பி.எஃப். குறையுமா? கையில் எவ்வளவு வரும்?
– கோவை, பஞ்சாலை ஊழியர்

பி.எஃப். ஒரு பைசா குறையாது. பி.எஃப். அடிப்படைச் சம்பளம், பஞ்சப்படி மீது கணக்கிடப்படுகிறது, ஈ.எஸ்.ஐ. மொத்தக் கூலி மீது. அந்தக் கணக்குகளெல்லாம் முடிந்த பிறகு கடைசியில் கழிப்பதுதான் சந்தா.

நீங்கள் அனுப்பிய சீட்டையே எடுத்துக்கொள்வோம். மொத்தச் சம்பளம் 19,000. அதில் அடிப்படையும் பஞ்சப்படியும் 15,000. பி.எஃப். 12 சதவீதம், 1,800 ரூபாய். ஈ.எஸ்.ஐ. 0.75 சதவீதம், முழு ரூபாயாக்கினால் 143. தொழில் வரி பிடிக்காத மாதத்தில் கைக்கு வருவது 17,057. சங்கத்தில் சேர்ந்தால் 17,007. டிசம்பரில் நல நிதி 20 ரூபாயும் போனால் 16,987. வருடம் முழுக்க இரண்டும் சேர்ந்து 620 ரூபாய். கைக்கு வரும் நூறு ரூபாயில் முப்பது காசு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று மட்டும் கவனம்: சந்தா நிலையான தொகை. விடுப்பு மிஞ்சி சம்பளம் பாதியான மாதத்திலும் அதே 50 ரூபாய் போகும். அந்த மாதம்தான் அது கண்ணில் படும்.

சங்கச் சந்தாவுக்கும் நல நிதிக்கும் வருமான வரியில் கழிவு உண்டா? – திருச்சி

சம்பளக்காரர்களுக்கு இல்லை, இரண்டுக்குமே.

சங்கத்திலிருந்து விலகி ஐந்து மாதமாகிறது. சந்தா இன்னும் பிடிக்கிறார்கள். யாரைக் கேட்பது?
– சென்னை, போக்குவரத்துப் பணியாளர்

சங்கத்திடம் மட்டும் சொல்லியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். சம்பளத்தில் சந்தா பிடிப்பது நீங்கள் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்த ஒப்புதலின் பேரில். அந்தத் தாள் நிர்வாகத்தின் கோப்பில் இருக்கிறது. அதை ரத்து செய்யும் கடிதம் போகாதவரை சம்பளப் பிரிவு பிடித்துக்கொண்டேதான் இருக்கும்.

பணியாளர் எண்ணும் தேதியும் போட்டு ஒரு கடிதம் எழுதுங்கள். ஒரு பிரதியை நிர்வாகத்திடமும் இன்னொன்றைச் சங்கச் செயலாளரிடமும் கொடுத்து, உங்கள் நகலில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்குங்கள். மாதச் சம்பளக் கணக்கு முடியும் முன்பே கொடுத்தால் அந்த மாதமே நின்றுவிடும். ஐந்து மாதப் பணத்தைச் சங்கத்திடம்தான் கேட்க வேண்டும். பணம் அங்கேதான் போயிருக்கிறது.

சங்கத்தில் தொடர்பவர்களும் வருடத்துக்கு ஒரு தடவை சங்கத்தின் சந்தாப் பதிவேட்டில் தங்கள் பெயருக்கு நேரே பார்ப்பது நல்லது. சீட்டில் பிடித்த பணம் சங்கக் கணக்குக்கு வந்து சேராமல் நிர்வாகத்திடமே நின்றுபோவதை நான் பார்த்திருக்கிறேன். சங்கத் தேர்தல் நேரத்தில் சந்தா பாக்கி என்று பெயர் விடுபட்ட பிறகுதான் அவர்களுக்கே தெரிந்தது. சம்பளச் சீட்டுகளைப் பத்திரமாக வைத்திருந்தவர்களால் பணம் கட்டியதை உடனே காட்ட முடிந்தது.