சங்கீதம் 145: எபிரெய அகரவரிசையைத் தமிழில் எப்படிக் காட்டுவது?

கேள்வி: எங்கள் சபைக்காகச் சங்கீதம் 145-ஐ எளிய தமிழில் மொழிபெயர்க்கிறோம். எபிரெயத்தில் ஒவ்வொரு வசனமும் அடுத்தடுத்த எழுத்தில் தொடங்குகிறதாமே. தமிழில் அதை எப்படித் தெரியப்படுத்துவது? 119-இல் இருப்பதுபோல ஆலெப், பேத் என்று தலைப்புப் போட்டால் போதுமா, இல்லை அ, ஆ என்றே வசனங்களைத் தொடங்கிவிடலாமா?

பதில்: உங்கள் மொழிபெயர்ப்பு எதற்கு என்பதைப் பொறுத்தது. ஆலயத்தில் வேதபாடமாக வாசிக்கப் போகிறீர்கள் என்றால் சொற்களைத் தொடாதீர்கள், ஓரக்குறிப்பு போதும். பாடவோ மனப்பாடம் செய்யவோ என்றால் அ, ஆ வரிசையைத் துணிந்து முயலலாம். இந்தச் சங்கீதத்துக்குத் தமிழ் எதிர்பாராத அளவுக்கு இடம் கொடுக்கிறது. இரண்டையும் ஒரே பிரதியில் செய்ய முயன்றால்தான் சிக்கல்.

முதலில் அந்தத் தலைப்புகள். நம் பழைய வேதாகமத்தில் 119-ஆம் சங்கீதத்தில் ஆலெப், பேத், கிமெல் என்று எட்டு வசனத்துக்கு ஒரு தலைப்பு இருப்பதை எல்லோரும் பார்த்திருப்பார்கள். அது எபிரெய எழுத்தின் பெயர் என்று எத்தனை பேருக்குத் தெரியும்? சிறு வயதில் எங்கள் ஊர் ஆலயத்தில் ஒரு பெரியவர் “கிமெல், உமது அடியேனுக்கு அநுகூலமாயிரும்” என்று ஒரே மூச்சில் வாசித்துவிட்டார். கிமெல் என்பது யாரோ ஒரு ஆள், அவரைக் கூப்பிடுகிறார்கள் என்றுதான் நான் பல வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். பெயரைத் தமிழில் எழுதினால் எழுத்து கண்ணுக்குத் தெரிவதுமில்லை. எபிரெயத்தில் பேத் வேறு, பே வேறு. தமிழில் இரண்டுக்கும் ‘ப’தான். 119-இலாவது எட்டு வசனத்துக்கு ஒன்று. 145-இல் வசனத்துக்கு ஒரு தலைப்பு என்று 21 தலைப்பு போட்டால் பக்கம் துண்டுதுண்டாகிவிடும். ஆகவே வாசிப்புப் பிரதியில் எழுத்தின் பெயரைச் சிறிய அளவில் இடது ஓரத்தில் போட்டு, சங்கீதத்தின் தொடக்கத்திலேயே ஒரு வரி அடிக்குறிப்பு கொடுங்கள். “தாவீது பாடின துதி” என்ற முகப்பு வரி எழுத்துக் கணக்கில் சேராது. அதற்குப் பிறகு வரும் சொல்லில்தான் ஆலெப் தொடங்குகிறது.

இனி அ, ஆ வழி. எபிரெயத்துக்கு 22 எழுத்து. தமிழில் 247 இருந்தாலும் சொல்லுக்கு முதலில் எல்லாம் வராது. மொழிமுதல் எழுத்துகளை நன்னூல் சொல்லும் கணக்கு: உயிர் 12, அப்புறம் க, ச, த, ந, ப, ம, வ, ய, ஞ, ங என்னும் 10 வரிசைகள். கூட்டினால் 22. இதில் ங பெயரளவுக்குத்தான்; அங்ஙனம், இங்ஙனம் என்று ஒட்டிக்கொண்டு வருமே தவிர, ஙகரத்தில் தொடங்கித் தனியாக நிற்கும் சொல் கிடைக்காது. ஔவையாரே அந்த இடத்தில் எழுத்தின் பெயரையே வைத்து “ஙப்போல் வளை” என்று சமாளித்திருக்கிறார். ஆக, நடைமுறையில் 21. சங்கீதம் 145-இன் வசனங்களும் 21. இது தற்செயல்தான், இதற்குள் மறைபொருள் தேட வேண்டாம். வேலைக்கு வசதி, அவ்வளவே.

இன்னொரு வசதி தமிழ் வாக்கியத்தின் அமைப்பு. வினைமுற்று கடைசியில் நிற்கும் என்பதைத் தவிர, முன்னால் எந்தச் சொல்லையும் கொண்டுவரலாம். செய்யுள் நடை என்றால் வினையைக்கூட முன்னால் போடலாம். அதனால் ‘எந்தச் சொல்லைச் சேர்ப்பது’ என்று தேடாமல் ‘இந்த வசனத்தில் ஏற்கெனவே இருக்கிற எந்தச் சொல்லை முன்னே நகர்த்துவது’ என்று பாருங்கள். பிற்பாதியைப் போட்டுப் பார்த்தபோது எனக்கே ஆச்சரியமாக இருந்தது:

13 காலங்கள் எல்லாவற்றுக்கும் உரியது உமது அரசு
14 சாய்ந்தோர் யாவரையும் கர்த்தர் தாங்குகிறார்
15 ஞாலத்து உயிர்களின் கண்களெல்லாம் உம்மையே நோக்கும்
16 திறக்கிறீர் உமது கையை
17 நீதியுள்ளவர் கர்த்தர், தம் வழிகள் எல்லாவற்றிலும்
18 பக்கத்தில் இருக்கிறார் கர்த்தர், தம்மைக் கூப்பிடும் யாவருக்கும்

இதில் 13, 16, 17, 18-இல் வெளியிலிருந்து ஒரு சொல்கூட வரவில்லை. 14-இல் எபிரெயம் ‘விழுகிறவர்கள்’ என்கிறது, ‘சாய்ந்தோர்’ கொஞ்சம் மென்மை. 15-இல் ‘ஞாலத்து உயிர்கள்’ என்பதற்கு மூலத்தில் வெறும் ‘எல்லாரும்’ என்றே இருக்கிறது. ஆனால் அடுத்த வசனமே எல்லா உயிர்களையும் சொல்வதால் பொருள் எங்கும் போகவில்லை. ‘ஞாலத்தார்’ என்று போட்டிருந்தால் மனிதர் மட்டும் என்று சுருங்கியிருக்கும். கடைசி வசனத்தில் ‘என் வாய் கர்த்தரின் துதியைச் சொல்லும்’ என்பது மூலம். வ வரிசைக்கு ‘வாய்’ தானாகவே வந்து நிற்கிறது.

முற்பாதியில்தான் இழுபறி. இரண்டாம் வசனம் ‘ஒவ்வொரு நாளும்’ என்று தொடங்குகிறது, நமக்கு வேண்டியதோ ஆ. ‘ஆயுள் நாளெல்லாம்’ என்று போடலாம். ஆனால் தினம் தினம் என்ற அழுத்தம் போய், வாழ்நாள் முழுதும் என்றாகிவிடும். நாலாம் வசனத்துக்கு ஈ: ‘ஈன்றோர் தம் பிள்ளைகளுக்கு உம் செயல்களைப் புகழ்ந்துரைப்பர்’. தலைமுறைக்குத் தலைமுறை என்ற விரிவு வீட்டுக்குள் அடங்கிவிட்டது, ஆனாலும் ஏற்கலாம் என்பேன். எல்லோரும் பயப்படும் ஔ, சொன்னால் நம்ப மாட்டீர்கள், சுலபமாக முடிந்தது. ஔவை, அவ்வை என்று இரண்டு விதமாகவும் எழுதுகிறோமல்லவா? அந்தப் போலி வழக்கைப் பிடித்துக்கொண்டு, பன்னிரண்டாம் வசனத்தை ‘அவ்வல்ல செயல்களை மானிடர் அறியச் செய்வர்’ என்று தொடங்கலாம். முந்தைய வசனம் தேவனுடைய வல்லமையைப் பேசி முடிகிறது. அதைச் சுட்டிக்காட்ட ‘அ’ சரியாக உட்காருகிறது.

மாட்டிக்கொண்டது ஐ. ஒன்பதாம் வசனம் ‘கர்த்தர் எல்லாருக்கும் நல்லவர்’ என்ற நேரான வாக்கியம். ‘ஐயமின்றி எல்லாருக்கும் நல்லவர்’ என்று எழுதிப் பார்த்தேன். மூலத்தில் ஐயத்துக்கும் இடமில்லை, ஐயமின்மைக்கும் இடமில்லை. வெறும் அடைசல். நானாக இருந்தால் அந்த வசனத்தை எழுத்துக்குள் திணிக்காமல் உள்ளபடியே விட்டு, ஓரத்தில் மட்டும் ஐ என்று குறிப்பேன். எபிரெயக் கவிஞர்களும் அப்படி விட்டிருக்கிறார்கள்: சங்கீதம் 25-இலும் 34-இலும் வௌ எழுத்துக்குத் தனி வசனம் கிடையாது.

ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். எழுத்து வேண்டுமென்பதற்காகக் கடவுளின் பெயரை மாற்றாதீர்கள். மூன்றாம் வசனத்துக்கு இ தேவை என்றதும் கை தானாக ‘இறைவன் பெரியவர்’ என்று எழுதும். அப்படியே ஆ-வுக்கு ஆண்டவர், க-வுக்கு கர்த்தர் என்று போனால், எபிரெயத்தில் ஒரே பெயராக நிற்பது உங்கள் பிரதியில் மூன்று பெயராகிவிடும். இது நடந்திருக்கிறதா என்று கண்டுபிடிக்க ஒரு வழி: மூலத்தில் ‘கர்த்தர்’ என்று நாம் மொழிபெயர்க்கும் நாலெழுத்துப் பெயர் வரும் இடங்களையெல்லாம் எண்ணுங்கள், உங்கள் பிரதியில் ‘கர்த்தர்’ எத்தனை முறை வருகிறது என்று எண்ணுங்கள். எண்ணிக்கை ஒத்துவர வேண்டும்.

இப்போது நூன் என்ற எழுத்து. மரபான எபிரெய மூலமாகிய மசோரெத்தியப் பாடத்தில் 13 மேம் எழுத்தில் தொடங்குகிறது, 14 சாமெக்கில். நடுவில் வரவேண்டிய நூன் வசனம் இல்லை, அதனால்தான் 22-க்குப் பதில் 21. யூத மரபு நூலான தல்மூதில் ரபி யோகனான் இதற்குக் காரணம் சொல்கிறார்: ஆமோஸ் 5:2-இல் ‘இஸ்ரவேல் என்னும் கன்னிகை விழுந்தாள்’ என்ற வாக்கு எபிரெயத்தில் நூனில் தொடங்குகிறது, அதனால் தாவீது அந்த எழுத்தைத் தவிர்த்தார் என்று. கிரேக்க செப்துவஜிந்தாவிலும் சீரியாக் மொழிபெயர்ப்பிலும் அந்த வசனம் இருக்கிறது. 1956-இல் சாக்கடல் கரையிலுள்ள கும்ரானின் 11-ஆம் குகையில் கிடைத்த சங்கீதச் சுருளில் எபிரெயத்திலேயே இருக்கிறது: ‘தேவன் தம் வார்த்தைகளில் உண்மையுள்ளவர், தம் செயல்கள் எல்லாவற்றிலும் கிருபையுள்ளவர்.’ இதன் பின்பாதி 17-ஆம் வசனத்தின் பின்பாதியேதான். அதனால் இடைவெளியை நிரப்பப் பிறகு யாரோ சேர்த்தது என்று சிலரும், நகலெடுக்கையில் விடுபட்டது என்று சிலரும் வாதிடுகிறார்கள்.

தமிழ் வரிசையில் 14-ஆவது எழுத்து எது என்று விரல்விட்டு எண்ணிப் பாருங்கள். உயிர் 12, க 13, அடுத்தது ங! எபிரெயத்தில் நூனும் 14-ஆவது. சொல்லே இல்லாத நம் எழுத்து, வசனமே இல்லாத அவர்கள் எழுத்தின் இடத்தில் வந்து நிற்கிறது. ஆகவே 13-க்கும் 14-க்கும் நடுவில் ஒரு வரி வெற்றாக விட்டு, ஓரத்தில் ங என்று மட்டும் போடுங்கள். க-வுக்கு அப்புறம் ச வரும்போது, எபிரெய வாசகருக்கு உறுத்துவதுபோலவே நம் வாசகருக்கும் உறுத்தும். நூன் வசனத்தை அடிக்குறிப்பில் கொடுத்துவிடலாம். உங்கள் சபை அதை உரைக்குள்ளேயே சேர்க்கிறது என்றால், ங இடத்தில் எழுத்துக் கட்டுப்பாடு இல்லாமல் அந்த வரியைப் போடுங்கள்.

அச்சுக்குத் தயாரிக்கும்போது ஒரு எச்சரிக்கை. வேதாகம மொழிபெயர்ப்பு மென்பொருளான பாராடெக்ஸ்டில் வேலை செய்கிறீர்கள் என்றால் முதல் எழுத்தைத் தனித்துக் காட்ட ஒரு குறி இருக்கிறது:

```
\q1
\v 14 \qac சா\qac*ய்ந்தோர் யாவரையும்
```

மூடும் குறி காலுக்கு அப்புறம் வரவேண்டும். ச-வுக்கும் காலுக்கும் நடுவில் போட்டால் கால் தனியாகப் பிரிந்து, புள்ளி வட்டத்தோடு தொங்கும். ‘தி’, ‘நீ’ போன்றவற்றிலும் இதேதான். எழுத்தின் பெயருக்கு `\qa` என்ற குறி இருக்கிறது; ஆனால் அது பெயரைத் தனி வரித் தலைப்பாகத்தான் போடும், ஓரத்தில் வரவேண்டுமென்றால் அச்சு அமைப்பில் அதன் இடத்தை மாற்ற வேண்டும்.

எவ்வளவு முயன்றாலும் தமிழுக்கு வராத ஒன்று இந்தச் சங்கீதத்தின் நடுவில் இருக்கிறது. 11, 12, 13 மூன்று வசனமும் தேவனுடைய அரசைப் பேசுகின்றன. அவற்றின் முதலெழுத்துகள் கப், லாமேட், மேம். பின்னிருந்து வாசித்தால் மேம், லாமேட், கப்: எபிரெயத்தில் ‘மெலெக்’, அதாவது ராஜா. நம் வரிசையில் அந்த இடத்தில் ஓ, ஔ, க நிற்கும், அதில் எந்த ராஜாவும் இல்லை. ஆகவே பாடும் பிரதியிலும் அந்த மூன்று வசனங்களுக்கு ஒரு அடிக்குறிப்பு போட்டுவிடுங்கள்.