மைனஸில் நின்ற கடைக் கணக்கு

கேள்வி: எங்கள் வீடு கம்பத்தில், வீட்டுக்காரருக்கு குமுளியில் மசாலாக் கடை. என் அம்மா போட்ட 20 பவுனை என் பேரில் வைத்து ஜூனில் 6,00,000 ரூபாய் நகைக்கடன் எடுத்தோம். வந்த மறுநாளே முழுவதையும் அவர் கணக்குக்கு மாற்றிவிட்டேன். மகளின் நர்சிங் காலேஜ் பீஸ் போக மீதி எல்லாம் ஏலக்காயில் போட்டேன் என்கிறார். பணம் அவர் கணக்கு, கடைக் கணக்கு (அது எப்போதும் மைனஸில்தான் நிற்கும்), அவரும் கொழுந்தனாரும் சேர்ந்து வைத்திருக்கும் தோட்டக் கணக்கு என்று சுற்றியிருக்கிறது. இப்போது வட்டி கட்டச் சொல்லி நோட்டீஸ் வந்திருக்கிறது. ஸ்டேட்மென்ட் கேட்டதும் அவரே எடுத்துக் கொடுத்தார், நகல் இணைத்திருக்கிறேன். பணம் எங்கே போனது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? புருஷனிடம் கணக்குக் கேட்பது தப்பா?
– கம்பம் வாசகி

பதில்: சகோதரி, கடிதத்தில் அடைப்புக்குறிக்குள் ஒரு வரி எழுதிவிட்டுக் கடந்து போயிருக்கிறீர்கள்: கடைக் கணக்கு எப்போதும் மைனஸில்தான் நிற்கும். உங்கள் கேள்விக்கான பதில் பெரும்பாலும் அந்த வரியில்தான் இருக்கிறது. இத்தனை வருஷமாக அந்த மைனஸ் எவ்வளவு, எதனால் வந்தது என்று ஒருநாளாவது கேட்டீர்களா? கேட்காமல், கடன் வந்த மறுநாளே 6,00,000 ரூபாயையும் மொத்தமாக மாற்றிவிட்டீர்கள். காலேஜ் பீஸை உங்கள் கணக்கிலிருந்து நீங்களே கட்டியிருக்க வேண்டும். நகைக்கடன் ரசீதில் இருப்பது உங்கள் கையெழுத்து.

ஸ்டேட்மென்ட் பார்ப்பதில் முதல் வேலை, அது முழுசாக இருக்கிறதா என்று பார்ப்பது. ஒரு வரியின் இருப்போடு அடுத்த வரியின் வரவைக் கூட்டி, பற்றைக் கழித்தால் அடுத்த இருப்பு வரவேண்டும். எங்காவது வரவில்லை என்றால் நடுவில் ஒரு பக்கமோ ஒரு வரியோ விட்டுப்போயிருக்கிறது. நீங்கள் அனுப்பிய நகல்களில் இருப்பு எங்கும் உடையவில்லை. அடுத்தது, ஒரு கணக்கில் பற்றாகப் போனதும் இன்னொன்றில் வரவாக வந்ததும் ஒரே பணம்தானா என்று உறுதிசெய்வது. தொகை ஒன்றாக இருப்பது போதாது. ஆர்டிஜிஎஸ், நெஃப்ட் என்றால் ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் வங்கி தரும் யூடிஆர் எண்ணும், யூபிஐ என்றால் 12 இலக்க எண்ணும் இரண்டு ஸ்டேட்மென்டிலும் ஒன்றாக இருக்கவேண்டும். அச்சிட்ட தாளில் அந்த எண் பாதியில் வெட்டுப்பட்டிருக்கும். நெட் பேங்கிங்கில் பிடிஎஃப் எடுத்தால் பெரும்பாலும் முழுசாகக் கிடைக்கும்.

இனி உங்கள் வீட்டுக்காரரின் சொந்தக் கணக்கைப் பார்ப்போம். ஜூன் 5 காலையில் அதில் அவருடைய பணம் 30,000 இருந்தது. உங்கள் 6,00,000 சேர்ந்து 6,30,000 ஆனது. 6ஆம் தேதி கோட்டயம் காலேஜுக்கு 1,10,000, 9ஆம் தேதி கடைக் கணக்குக்கு 3,50,000, 11ஆம் தேதி தோட்டக் கணக்குக்கு 1,50,000 போனது. அன்று மாலை மீதி 20,000.

20ஆம் தேதி, புத்தடி ஏலத்தில் விற்ற ஏலக்காய்க்கு ஏலக் கம்பெனியிடமிருந்து 1,40,000 வந்தது. 23ஆம் தேதி போடி வியாபாரி ஒருவருக்கு ஏலக்காய்க்காக 1,40,000 போனது. ‘பார், ஏலக்காயில் போட்டிருக்கிறேன்’ என்று அவர் விரல் வைத்துக் காட்டும் வரி இதுதான் என்று எழுதியிருக்கிறீர்கள். வரி உண்மை. ஆனால் அது உங்கள் நகைப் பணம் இல்லை.

ஏன் என்றால், 11ஆம் தேதி கணக்கில் மிஞ்சியதே 20,000தான். உங்கள் பணத்தில் அதற்கு மேல் ஒரு ரூபாய்கூட அங்கே இருந்திருக்க முடியாது. பிறகு வந்த 1,40,000 காய் விற்ற பணம். அது உள்ளே வந்ததால் உங்கள் பணம் மறுபடி முளைத்துவிடாது. கலந்துகிடக்கும் கணக்கில் பணத்தைத் தேடும்போது, நடுவில் இருப்பு எவ்வளவு கீழே இறங்கியது என்பதுதான் உச்ச வரம்பு. இங்கிலாந்து நீதிமன்றங்கள் நூறு ஆண்டுக்கு மேலாகக் கைக்கொள்ளும் விதி இது. ஸ்டேட்மென்ட் பார்க்கிறவர்கள் அதிகம் தவறவிடுவதும் இதைத்தான். பற்றுப் பக்கத்தில் பெயர்களைத் தேடுவார்களே தவிர, இருப்புப் பத்தியில் கண்ணை ஓட்டமாட்டார்கள்.

அவருடைய 30,000 எதில் போனது என்று கேட்பீர்கள். முதலில் வந்தது முதலில் போகும் என்று வைத்துக்கொள்ளலாம். 1816இல் ஒரு ஆங்கிலேய வழக்கில் வகுத்த முறை அது. அப்படிப் பார்த்தால் பீஸில் 30,000 அவருடையது, 80,000 உங்களுடையது. கடைக் கணக்குக்குப் போன 3,50,000, தோட்டக் கணக்குக்குப் போன 1,50,000, மிஞ்சிய 20,000 மூன்றும் உங்களுடையவை. கூட்டினால் 6,00,000 சரியாக வருகிறது. வேறு முறையில் பிரித்தாலும் வித்தியாசம் 30,000ஐத் தாண்டாது. அந்த முப்பதாயிரத்துக்காக அவரிடம் வாதாடாதீர்கள். அவர் சொந்தக் கணக்கிலிருந்து ஏலக்காய்க்குப் போயிருக்கக்கூடிய உங்கள் பணம், மிகத் தாராளமாகப் பார்த்தாலும், 20,000தான்.

இப்போது அந்த மைனஸ் கணக்கு. அது ஓடி, அதாவது ஓவர்டிராஃப்ட் கணக்கு; வங்கியிடம் கடனாக எடுக்கக்கூடிய வரம்பு 5,00,000. ஜூன் 9 அன்று மைனஸ் 4,80,000இல் நின்றது; உங்கள் 3,50,000 விழுந்ததும் மைனஸ் 1,30,000 ஆனது. சாதாரண சேமிப்புக் கணக்கில் போட்ட பணம் அங்கே கிடக்கும். மைனஸில் இருக்கும் ஓடி கணக்கில் அப்படிக் கிடக்காது. விழுந்த அந்த நொடியே வங்கிக்குப் பட்ட பழைய கடன் அடைந்துவிடுகிறது.

அதற்குப் பிறகு ஒன்றைப் பார்க்கவேண்டும்: குறைந்த மைனஸ் மறுபடி ஏறியதா? சில வாரத்தில் மைனஸ் 4,50,000 என்று ஆகியிருந்தால், பழைய கடனை அடைத்துவிட்டு அதே வரம்பைத் திரும்ப எடுத்துச் சரக்கு வாங்கினார் என்று சொல்ல இடமுண்டு. அப்போது ஜூன் 9க்குப் பிந்தைய பற்று வரிகளைப் பின்தொடரவேண்டும். உங்கள் நகலில் செப்டம்பர் கடைசி வரை அது மைனஸ் 1,60,000ஐத் தாண்டவே இல்லை. கடைசி இருப்பு மைனஸ் 1,45,000. மாதக் கடைசி வட்டி வரியும் ஜூலை முதல் மிகவும் குறைந்துவிட்டது. ஆக, 3,50,000 எடுத்துச் செலவாகவில்லை. பழைய கடனில் அடங்கிப்போனது.

அப்படியானால் அந்தப் பணம் கடைசியாக எங்கே போனது என்பதற்கு விடை ஜூனுக்குப் பின்னால் இல்லை, முன்னால் இருக்கிறது. நீங்கள் அனுப்பிய நகல் ஜூன் 1இல் தொடங்குகிறது. அது போதாது. கணக்கு கடைசியாக எப்போது மைனஸ் 50,000க்குள் இருந்ததோ, அந்தப் பழைய தேதியிலிருந்து ஸ்டேட்மென்ட் வாங்குங்கள். அங்கிருந்து 4,80,000 வரை எந்தெந்த வரிகளால் ஏறியது என்று பெரிய பற்றுகளை மட்டும் ஒரு நோட்டில் எழுதுங்கள். சரக்குக் கடைக்காரர் பெயர்கள் வந்தால் அது வியாபார நஷ்டம். ஒரே ஆளின் பெயர் திரும்பத் திரும்ப வந்தால், அவர் யார் என்று கேளுங்கள். வட்டி வரிகள்தான் அதிகம் என்றால், கடை பல மாதமாக வட்டியைக்கூடச் சம்பாதிக்கவில்லை என்று பொருள். உங்கள் நகை அடைத்த கடன் எது என்பது அப்போதுதான் தெரியும்.

தோட்டக் கணக்கில் விஷயம் சின்னது, ஆனால் கெட்டியானது. அங்கே 8,000 இருந்தது. ஜூன் 11 அன்று 1,50,000 வந்தது, 12ஆம் தேதி அதே 1,50,000 செல்ஃப் செக்கில் ரொக்கமாக வெளியே போய்விட்டது. ரொக்கமாக எடுத்த பிறகு ஸ்டேட்மென்ட் பேசாது. ஆனால் செக்கில் யார் கையெழுத்து, பின்பக்கம் யார் கையெழுத்துப் போட்டுப் பணம் வாங்கினார் என்று வங்கியில் இருக்கும். கணக்குக்காரர் என்ற முறையில் உங்கள் வீட்டுக்காரர் எழுதிக் கேட்டால் செக்கின் நகல் வாங்கலாம். நீங்கள் கேட்டால் தரமாட்டார்கள். அது உங்கள் கணக்கு இல்லை. இருவரில் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்று தொடங்கிய கணக்கு என்றால் கொழுந்தனார் எடுத்திருக்கவும் கூடும். செக்கைப் பார்க்காமல் அவர்மேல் பழி போடாதீர்கள்.

புருஷனிடம் கணக்குக் கேட்பது தப்பா என்கிறீர்கள். கேட்காததுதான் தப்பு. நீங்கள் இருவரும் அந்த மகளுக்குக் கடமைப்பட்டவர்கள். அடுத்த வருஷப் பீஸும் வரும். தாய்வீட்டு நகை ஸ்திரீதனம், அது பெண்ணின் தனிச்சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1985இலேயே தீர்ப்பளித்தது. ஒரு கேரளத் தம்பதியர் வழக்கில் 2024இல், கணவன் கஷ்டகாலத்தில் அதை எடுத்துப் பயன்படுத்தினாலும் திருப்பித் தரும் கடமை அவனுக்கு உண்டு என்று மறுபடி சொன்னது. கடையைக் காப்பாற்ற மனைவியின் நகையை வைப்பதை நான் குற்றமாகப் பார்க்கவில்லை. அதை ஏலக்காய் என்று மாற்றிச் சொன்னதைக் குற்றமாகத்தான் பார்க்கிறேன். அதே சமயம், கேட்டதும் ஸ்டேட்மென்ட்டை எடுத்துக் கொடுத்த மனிதர் அவர். பணத்தைக் கடத்தியவர் அப்படிச் செய்யமாட்டார். கடனுக்கு வெட்கப்பட்டவர் செய்வார். கொழுந்தனாரையும் மாமியாரையும் கூட்டிவைத்துக் கேட்காமல், அவரிடம் தனியாகக் கேளுங்கள்.

கேட்கும்போது கையில் இந்த எண் இருக்கட்டும்: 3,55,000. ஓடி வரம்பு 5,00,000. நிற்பது மைனஸ் 1,45,000. மீதி இடம் 3,55,000. உங்கள் நகையால் உண்டான இடம் அது. அடுத்த வாரமே அவர் வங்கிக்குப் போய், வரம்பு குறைக்கப்படாமல் இருக்கிறதா என்று கேட்கட்டும். வருஷாவருஷம் புதுப்பிக்கும்போதோ, இருப்புச் சரக்கு குறைந்திருப்பதாகக் கணக்குக் கொடுத்தாலோ வங்கி வரம்பைக் குறைத்திருக்கலாம். இடம் இருந்தால், மேலாளரிடம் விஷயத்தைச் சொல்லி அதிலிருந்து 3,50,000 எடுத்து நகைக்கடனில் நேரடியாகக் கட்டச் சொல்லுங்கள். உங்கள் கணக்கு வழியாகவும் வேண்டாம், அவர் கணக்கு வழியாகவும் வேண்டாம். நோட்டீஸில் போட்ட தேதிக்கு முன்பு வட்டியையாவது கட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் நகை ஏலத்துக்குப் போகக்கூடும். வட்டி கட்டிய ரசீதை நீங்களே கையில் வாங்கி வையுங்கள். தோட்டக் கணக்கில் போன 1,50,000க்கு அண்ணனும் தம்பியும் சேர்ந்து பதில் சொல்லவேண்டும். அடுத்த காய் விற்ற பணம் ஏலக் கம்பெனியிடமிருந்து வரும்போது முதலில் அதைக் கட்டச் சொல்லுங்கள்.