நான்காவது மின்னஞ்சலுக்கு முன் பட்டியலைப் பிரியுங்கள்

"கோவையில் பம்ப் தயாரிக்கும் நிறுவனத்தில் மனிதவளப் பிரிவில் இருக்கிறேன். மொத்தம் 160 பேர். பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் பற்றிய 40 நிமிட இணையவழிப் பயிற்சியை 34 பேர் இன்னும் முடிக்கவில்லை. மூன்று மின்னஞ்சல் அனுப்பியும் பலனில்லை. நச்சரிப்பதாக யாரும் நினைக்காதபடி, காரணத்தையும் கடைசி நாளையும் சொல்லி எப்படி எழுதுவது?"

எழுத உட்காரும் முன் அந்த 34 பேரின் பட்டியலைத் திறந்து, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே "ஏன் முடிக்கவில்லை" என்று ஒரு சொல்லாவது குறியுங்கள். வேலையை விட்டுப் போனவரின் பெயர் நீக்கப்படாமல் இருக்கும். மகப்பேறு விடுப்பில் இருப்பவரின் பெயர் இருக்கும். காணொளியை முழுவதும் பார்த்துவிட்டு, கடைசித் திரையில் `Submit` பொத்தானை அழுத்தாமல் மூடியவர்கள் நிச்சயம் சிலர் இருப்பார்கள். அவர்களைப் பொறுத்தவரை பயிற்சி முடிந்துவிட்டது. "நீங்கள் இன்னும் முடிக்கவில்லை" என்று வரும் கடிதம் அவர்களுக்குப் பொய்க் குற்றச்சாட்டு. நச்சரிப்பு என்ற எண்ணம் பெரும்பாலும் இப்படிப்பட்டவர்களிடம்தான் முளைக்கிறது.

இயந்திரக் கூடத்தில் ஷிப்ட் வேலை செய்பவர்களின் கதை வேறு. அவர்களுக்கு அலுவலக மின்னஞ்சல் முகவரி இருந்தாலும் அதைத் திறப்பதற்குக் கணினி எங்கே? அவர்களுக்கு மின்னஞ்சல் அனுப்புவதை நிறுத்திவிட்டு, ஷிப்ட் மாறும் நேரத்தில் பயிற்சி அறையில் பெரிய திரையில் காட்டி, வருகைப் பதிவில் கையெழுத்து வாங்குங்கள். தமிழில் பேசிக் கேள்வி கேட்கவிட்டால், திரையைத் தட்டித் தட்டி முடிப்பதைவிடப் பயனும் அதிகம். இப்படிக் கழித்துக்கொண்டே வந்தால், நினைவூட்டல் தேவைப்படுபவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர்தான் மிஞ்சுவார்கள்.

அடுத்தது காரணம். "சட்டப்படி நீங்கள் கட்டாயம் முடிக்க வேண்டும்" என்று எழுதியிருந்தால் அதை மாற்றிவிடுங்கள். 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 19ஆம் பிரிவு, விழிப்புணர்வு நிகழ்ச்சிகளைக் குறிப்பிட்ட இடைவெளிகளில் நடத்தும் கடமையை முதலாளியின் மேல்தான் வைக்கிறது. 26ஆம் பிரிவு சொல்லும் 50,000 ரூபாய் வரையிலான அபராதமும் முதலாளிக்கானது. ஊழியர் ஒவ்வொருவரும் பயிற்சியை முடிக்க வேண்டும் என்பது, அந்தக் கடமையை நிறைவேற்ற உங்கள் நிறுவனம் வகுத்துக்கொண்ட விதி. அப்படியே சொல்வதில் கௌரவக் குறைவு எதுவும் இல்லை. அபராதத்தைக் காட்டி ஊழியரைப் பயமுறுத்தினால், விவரம் தெரிந்த ஒருவர் சட்டத்தைப் புரட்டிப் பார்த்த அன்று உங்கள் எல்லாக் கடிதங்களின் மதிப்பும் போய்விடும்.

படிப்பவருக்கு நிறுவனத்தின் கடமை எப்படியும் இரண்டாம்பட்சம்தான். அவருக்குப் பயன்படும் ஒரு செய்தியைக் காரணத்தோடு சேர்த்துக் கொடுங்கள். நான் தேர்ந்தெடுப்பது மூன்று மாதக் கணக்கு. துன்புறுத்தல் நடந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள், நிறுவனத்தில் இத்தகைய புகார்களை விசாரிக்கும் உள்ளகக் குழுவிடம் எழுத்து மூலம் புகார் தர வேண்டும். தொடர்ந்து நடந்திருந்தால் கடைசிச் சம்பவத்திலிருந்து கணக்கு. தக்க காரணம் இருந்தால் குழு மேலும் மூன்று மாதம் வரை அவகாசம் தரலாம். எழுத முடியாத பெண்ணுக்குப் புகாரை எழுத்தில் கொண்டுவரக் குழுவினர் உதவ வேண்டும். வேலை நிமித்தமாகப் போகும் வெளியூரும், நிறுவனம் ஏற்பாடு செய்யும் வேனும்கூடப் பணியிடமே என்பதும் பலருக்குத் தெரியாது. ஆண் ஊழியர் "எனக்கெதற்கு இது" என்று கேட்பார். தனக்குக் கீழே வேலை செய்யும் பெண் நாளை அவரிடம் வந்து சொன்னால், தானே விசாரணையில் இறங்காமல் யாரிடம் அனுப்ப வேண்டும் என்று அவருக்குத் தெரிய வேண்டாமா?

கடைசி நாளுக்கும் காரணம் வேண்டும். காரணமில்லாத தேதியை யாரும் நம்புவதில்லை, அதுவும் ஏற்கெனவே ஒருமுறை நீட்டித்த தேதியை. உள்ளகக் குழு ஒவ்வொரு காலண்டர் ஆண்டுக்கும் ஓர் அறிக்கை தயாரிக்கிறது. அதில் புகார்களின் எண்ணிக்கையோடு, நடத்திய பயிற்சிகளின் எண்ணிக்கையும் இடம்பெற வேண்டும். எத்தனை ஊழியர் முடித்தார்கள் என்று அந்த அறிக்கை கேட்பதில்லை என்பதால், "நீங்கள் முடிக்காவிட்டால் அறிக்கை நின்றுவிடும்" என்று எழுதாதீர்கள். ஆண்டுக் கணக்கை டிசம்பரில் மூடுகிறோம், கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு முன் பதிவேட்டைச் சரிபார்க்க வேண்டும் என்பது உண்மையான காரணம். அதுவே போதும். தேதியை வெள்ளிக்கிழமையில் வைத்து, கிழமையையும் நேரத்தையும் சேர்த்து எழுதுங்கள். "விரைவில்", "கூடிய சீக்கிரம்" இரண்டும் வேண்டாம்.

மிஞ்சிய பன்னிரண்டு பேருக்கு நான் எழுதினால் கடிதம் இப்படி இருக்கும்:

> பொருள்: பாலியல் துன்புறுத்தல் தடுப்புப் பயிற்சி – டிசம்பர் 19, வெள்ளி மாலை 5 மணிக்குள்
>
> வணக்கம்.
>
> இந்த ஆண்டுக்கான பயிற்சி உங்கள் பெயரில் இன்னும் நிறைவாகப் பதிவாகவில்லை. 40 நிமிடம் ஆகும்; இடையில் நிறுத்தினால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். இதற்கான நேரம் வேலை நேரத்தில் சேரும். உங்கள் மேலாளருக்கும் தெரிவித்திருக்கிறோம்.
>
> இந்தச் சட்டம் பற்றி ஊழியர் அனைவருக்கும் தெரிவிப்பது நிறுவனத்தின் கடமை. புகார் தருவதற்குப் பொதுவாக மூன்று மாத அவகாசம்தான் உண்டு. யாரிடம், எப்படித் தருவது என்பதைப் பயிற்சி விளக்குகிறது. ஆண்டுப் பதிவேட்டை விடுமுறைக்கு முன் சரிபார்க்க வேண்டியிருப்பதால் 19ஆம் தேதியைக் குறித்திருக்கிறோம்.
>
> ஏற்கெனவே முடித்துவிட்டதாக நினைத்தால், அல்லது இணைப்பு திறக்கவில்லை என்றால், இந்தக் கடிதத்துக்கு ஒரு வரி பதில் போடுங்கள். நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

"விட்ட இடத்திலிருந்து தொடரலாம்" என்பதை எழுதும் முன் நீங்களே ஒருமுறை செய்து பாருங்கள். சில தளங்களில் பாதியில் மூடினால் முதலிலிருந்து ஆரம்பிக்கும். அப்படியென்றால் அந்த வரியை எடுத்துவிட்டு, "ஒரே மூச்சில் முடிப்பது நல்லது" என்று சொல்லுங்கள். மேலாளரிடம் சொல்லாமல் "தெரிவித்திருக்கிறோம்" என்று எழுதுவதும் கூடாது. கடிதத்தில் "மூன்றாவது நினைவூட்டல்" போன்ற எண்ணிக்கையும், சிவப்பு எழுத்தும் வேண்டாம். முடிக்காதவர்களின் பெயர்களைப் பொதுப் பட்டியலாக அனுப்பவே கூடாது. இந்தப் பாடத்தில் அது இன்னும் மோசம். பெயர் வந்தவரைப் பற்றி வேறு விதமாகப் பேச ஆரம்பித்துவிடுவார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகவே அனுப்புங்கள்.

டிசம்பர் 8, திங்கட்கிழமை காலை இதை அனுப்பலாம். 17ஆம் தேதி, அதுவரை முடிக்காதவர்களுக்கு மட்டும், இணைப்போடு இரண்டு வரி. அதற்கு மேல் மின்னஞ்சல் இல்லை. 18ஆம் தேதி யாராவது மிச்சமிருந்தால் தொலைபேசியில் கூப்பிட்டு, "நாளை எந்த நேரம் உங்களுக்கு வசதி?" என்று கேட்டு, அந்த நேரத்தை அவருடைய மேலாளரிடம் சொல்லி ஒதுக்கி வாங்குங்கள். அப்படியும் முடிக்காத ஓரிருவர் இருந்தால், காரணத்தோடு பதிவேட்டில் குறித்து மேலாளரிடம் ஒப்படையுங்கள். விடுப்பில் இருப்பவருக்கு, திரும்பி வரும் வாரத்தில் ஒரு நாளை இப்போதே குறித்துவையுங்கள்.