அவசரமா, அழுத்தமா? மூன்று நாள் குறிப்பே சொல்லிவிடும்

கேள்வி: எனக்கு வயது 47. இருமினாலும் தும்மினாலும் சிறுநீர் கசிகிறது. சில நேரம் கழிவறைக்குப் போய்ச் சேர்வதற்குள்ளேயே நனைந்துவிடுகிறது. பகலில் பத்துப் பன்னிரண்டு முறை போகிறேன். இது என்ன பிரச்சினை டாக்டர்? மாத்திரை போட்டால் சரியாகுமா?

பதில்: நீங்கள் சொல்வதில் இரண்டு வேறு கோளாறுகள் கலந்திருக்கலாம். இருமல், தும்மல், பாரம் தூக்குதல் போன்ற நேரங்களில் வயிற்றின் அழுத்தம் திடீரென ஏறும். சிறுநீர்க்குழாயைத் தாங்கும் இடுப்புத்தளத் தசைகள் தளர்ந்திருந்தால் அதே நொடியில் சில துளிகள் வெளியேறும். இது அழுத்தக் கசிவு. மற்றொன்றில், சிறுநீர்ப்பை நிறைவதற்கு முன்பே அதன் சுவர் தானாகச் சுருங்கி, தள்ளிப்போட முடியாத அவசரத்தைக் கிளப்பும். இதுதான் மிகைச் செயல் சிறுநீர்ப்பை. இருமிய சில விநாடிகள் கழித்து அவசரத்தோடு நிறையக் கசிந்தால், இருமல் பையைச் சுருங்கத் தூண்டியிருக்கிறது என்று பொருள். அதை அழுத்தக் கசிவு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

உங்களுக்கு எது மேலோங்கியிருக்கிறது என்பதை நினைவிலிருந்து சொல்வது கடினம். எனவே மூன்று நாள் குறிப்பு எழுதுங்கள். வேலை நாளும் விடுமுறை நாளும் அதில் இருக்கட்டும். மில்லிலிட்டர் கோடுள்ள குவளை ஒன்று போதும். ஒவ்வொரு முறையும் நேரம், சிறுநீரின் அளவு, அவசரம் (0 முதல் 3 வரை), கசிந்ததா, அப்போது என்ன செய்துகொண்டிருந்தீர்கள், என்ன குடித்தீர்கள் என்று எழுதவேண்டும். இரவில் எழுந்து போனதையும் விடாதீர்கள்.

ஒரு பக்கம் இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். காலை 6 மணிக்கு 380 மில்லி, அவசரம் 0. ஏழரைக்கு ஒரு காபி. 8.15க்கு அவசரம் 3, கதவைத் திறக்கும்போதே நனைந்தது, அளந்தது 110 மில்லிதான். 9.40க்கு அவசரம் 0, 90 மில்லி, "வெளியே கிளம்புமுன் போனேன்." பதினொன்றுக்குத் தும்மல், சில துளி, அவசரம் 0.

காலையில் 380 மில்லி வந்ததால் பையின் கொள்ளளவு சுருங்கிவிடவில்லை என்று தெரிகிறது. அப்படியிருந்தும் 8.15க்கு 110 மில்லியிலேயே அவசரம் வந்தது, அது மிகைச் செயல். பதினொரு மணிக் கசிவு அழுத்தத்தால் வந்தது. நான் அதிகம் கவனிப்பது 9.40 மணிக் குறிப்பைத்தான். கசிந்துவிடுமோ என்ற பயத்தில், அவசரமே இல்லாமல் போவது எண்ணிக்கையைக் கூட்டுகிறது. சிறிய அளவிலேயே காலி செய்யவும் பை பழகிவிடுகிறது. உங்கள் பன்னிரண்டு முறைகளில் இப்படிப் போனவை எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். ஒருவேளை 24 மணி நேரச் சிறுநீரின் மொத்தமே 2.8 லிட்டரைத் தாண்டினால், அதிகம் தண்ணீர் குடிப்பதோ சர்க்கரை நோயோ காரணமா என்று முதலில் பார்க்கவேண்டும்.

சிகிச்சை மாத்திரையில் தொடங்குவதில்லை. கசிவு எந்த வகையானாலும் இடுப்புத்தளப் பயிற்சி உதவும். காற்றுப் பிரிவதை அடக்குவதுபோல் உள்ளே, மேல்நோக்கி இழுங்கள். சில விநாடிகள் பிடித்து, அதே அளவு நேரம் தளர விடுங்கள். ஒரு தடவைக்கு எட்டு, நாளுக்கு மூன்று தடவை, குறைந்தது மூன்று மாதம். மூச்சை அடக்கிக் கீழ்நோக்கி முக்குவதுதான் பலர் செய்யும் தவறு. அது கசிவைக் கூட்டும். பிட்டமும் வயிறும் இறுகக் கூடாது. சிறுநீர் கழிக்கும்போது நடுவில் நிறுத்திப் பழகவும் வேண்டாம். தசை வசப்பட்டுவிட்டதென்று தோன்றியதும், தும்மலுக்குச் சற்று முன் இறுக்கப் பழகுங்கள்.

அவசரத்துக்குப் பைப் பயிற்சி, குறைந்தது ஆறு வாரம். குறிப்பிலுள்ள உங்கள் வழக்கமான இடைவெளி ஒரு மணி நேரம் என்றால் அதிலிருந்து தொடங்கி, வாரத்துக்குப் பதினைந்து நிமிடம் கூட்டுங்கள். மூன்று மணி நேரத்தை எட்டுவது இலக்கு. இடையில் அவசரம் வந்தால் ஓடாதீர்கள். நின்றோ உட்கார்ந்தோ தசையை ஐந்தாறு முறை வேகமாக இறுக்குங்கள். அவசரம் தணிந்த பின் மெதுவாக நடந்து போங்கள். காபி, தேநீரைக் குறையுங்கள். தண்ணீரை வெட்டாதீர்கள், அடர்ந்த சிறுநீர் பையை உறுத்தும், மலச்சிக்கலும் சேரும். உடல் எடை மிக அதிகமானால் அதைக் குறைப்பதும் சிகிச்சையே.

இவற்றுக்குப் பிறகும் அவசரம் தணியாவிட்டால் மாத்திரை உண்டு. சிலவற்றில் வாய் வறட்சியும் மலச்சிக்கலும் வரும். இருமல் கசிவை இவை நிறுத்தாது.

சிறுநீரில் ரத்தம், எரிச்சல், முழுதும் காலியாகாத உணர்வு இருந்தால் பயிற்சியின் பலனுக்காகக் காத்திருக்காமல் மருத்துவரைப் பாருங்கள். கால் மரப்பும் புதிய கசிவும் சேர்ந்து வந்தால் அன்றே போகவேண்டும். இவை எதுவும் இல்லாவிட்டாலும், தொற்று இருக்கிறதா என்று ஒரு சிறுநீர்ப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். போகும்போது அந்த மூன்று பக்கங்களையும் எடுத்துச் செல்லுங்கள்.